"மந்தமாக இருக்கிறான்" என்று தாய் எழுதியதை நான் எப்படி மொழிபெயர்த்திருக்க வேண்டும்?

வாவிக்கரை (களுவாஞ்சிகுடி)

எல்லோருக்கும் வணக்கம். நான் களுவாஞ்சிகுடியில் ஒரு கொமினிகேஷனில் வேலை செய்கிறேன். போட்டோக்கொப்பி, டைப்பிங் வேலைகளோடு கடிதம் மொழிபெயர்ப்பதும் என் பொறுப்பு. வங்கிக் கடிதம், சம்பளக் கடிதம் எல்லாம் செய்து பழக்கம் இருக்கிறது. இந்த முறை செய்த ஒரு கடிதத்தில் பிழைவிட்டேன் என்று மனது கிடந்து அடிக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்று கிழமைக்கு முன் ஒரு அம்மா கைபேசியைக் கொண்டுவந்தார். அவருடைய மகள் குடும்பத்தோடு லண்டனில் இருக்கிறார். பேரனுக்கு ஒன்பது வயது. இங்கே தரம் 4 படித்துக்கொண்டிருந்த பிள்ளையை அங்கே செப்டெம்பரில் இயர் 5 இல் சேர்த்திருக்கிறார்கள். பாடசாலைக்குக் கொடுக்க மகள் தமிழில் எழுதிய கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அதன் நடுப்பகுதி இதுதான்:

"இலங்கையில் தமிழ்மொழி மூலம் படித்தவர். வந்த நாளிலிருந்து பிள்ளை மந்தமாகவே இருக்கிறான். படிப்பிப்பது ஒன்றும் விளங்குதில்லை என்று இரவில் அழுகிறான். ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து எனது பிள்ளைக்கு மொழியில் விசேட கவனிப்புத் தந்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நாங்களும் இனி வீட்டில் தமிழ் கதைக்காமல் ஆங்கிலத்திலேயே கதைக்க முயற்சி செய்கிறோம்."

நான் ஆங்கிலத்தில் போட்டது: மகன் "வெரி ஸ்லோ". வகுப்பில் எதையும் அவனால் "அண்டர்ஸ்டாண்ட்" பண்ண முடியவில்லை. ஆகவே "ஸ்பெஷல் அட்டென்ஷன்" வேண்டும். "மொழியில்" என்ற சொல் ஆங்கில வசனத்தில் ஒட்டவில்லை என்று நினைத்து அதை விட்டுவிட்டேன். இப்போது அதுதான் குத்துகிறது.

பாடசாலை பதில் போட்டிருக்கிறது. சென்கோ என்கிற ஆசிரியை தாயைச் சந்திக்க வேண்டுமாம். கூடவே ஒரு படிவம். பிள்ளை எந்த வயதில் நடந்தது, எந்த வயதில் பேசியது, டொக்டரிடம் காட்டியிருக்கிறீர்களா என்று கேள்விகள். தாயின் கணவர் யாரிடமோ கேட்டதில், சென்கோ என்றால் விசேட தேவையுடைய பிள்ளைகளைப் பார்ப்பவர் என்று சொல்லியிருக்கிறார்கள். நேற்று அந்தத் தாய் எனக்கே அழைப்பெடுத்து, "என்ட பிள்ளைக்கு வருத்தம் எண்டா எழுதினீங்க?" என்று கேட்டார். எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை.

இரண்டாவது கடிதம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். எப்படி எழுத வேண்டும்?

---

கல்முனை நொத்தாரிசு

தங்கச்சி, பிழை நடந்த இடம் வேறு. வெளிநாட்டுக்குப் போகிற ஆவணத்தைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து முத்திரையோடுதான் அனுப்ப வேண்டும். முத்திரை இல்லாத மொழிபெயர்ப்பை அவர்கள் ஏற்கமாட்டார்கள். கல்முனை நீதிமன்றத்துக்கு முன்னால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துச் செய்து அனுப்புங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

---

கிளைட் கரை

என் தம்பி குடும்பம் கிளாஸ்கோவில். மகளுக்கு ஆங்கிலம் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காகப் பாடசாலை மேலதிக உதவி கொடுத்தது. அது சட்டப்படி பிள்ளையின் உரிமை. 2004 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆகவே இந்தத் தாய் கெஞ்ச வேண்டிய தேவையே இல்லை. "சட்டப்படி எனது பிள்ளைக்குத் தனி ஆசிரியர் தர வேண்டும்" என்று நேரடியாக எழுதுங்கள்.

---

பழைய ரீச்சர்

வாவிக்கரை தங்கச்சி, முதலில் மனதை ஆற்றுங்கள். நான் மட்டக்களப்பில் ஆறு வருடம் படிப்பித்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தவள். இங்கே ஆரம்பப் பாடசாலையில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிற வேலைதான் பல வருடமாகச் செய்கிறேன். இப்படியான கடிதங்களை மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்து வாசித்தவள் நான்.

முதலில் மற்ற இரண்டு பேருக்கும். நொத்தாரிசு அண்ணன், பெற்றோர் பாடசாலைக்கு எழுதும் கடிதத்துக்கு முத்திரை தேவையில்லை. அது ஆவணம் இல்லை. பேசுகிற பேச்சைக் கடதாசியில் போடுவதுதான். கிளைட் கரை சொன்ன சட்டம் ஸ்கொட்லாந்துக்கு உரியது. அங்கே வீட்டுமொழி வேறாக இருப்பதும் மேலதிக உதவிக்கு ஒரு காரணமாக எண்ணப்படுகிறது. இந்தப் பிள்ளை இருப்பது இங்கிலாந்தில். இங்கே 2014 ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டம் சொல்வது வேறு: வீட்டில் பேசும் மொழி பாடசாலை மொழியிலிருந்து வேறுபடுகிறது என்ற காரணத்தால் மட்டும் ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறது என்று கருதக்கூடாது. அது பிள்ளையைக் காப்பாற்றுகிற வசனம். ஆனால் அதே வசனத்தால் மொழி உதவி விசேட தேவைச் சட்டத்தின் வெளியே நிற்கிறது. மொழிக்கென்று தனி ஆசிரியர் கேட்டு வாங்குகிற உரிமை இங்கே இல்லை. இங்கிலாந்தின் அரச பாடசாலைக்குள் நுழைந்து மூன்று வருடத்துக்குள் இருக்கும், வேறு மொழி பேசும் பிள்ளைகளைக் கணக்கிட்டுப் பாடசாலைக்கு ஒரு தொகை வரும். அதை இந்தப் பிள்ளைக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஆகவே சட்டத்தைக் காட்டி எழுதினால் அந்தக் கடிதம் நிற்காது.

இனி உங்கள் பிழைக்கு வருகிறேன். ஒவ்வொரு சொல்லையும் தனியே எடுத்தால் பெரிய பிழை இல்லை. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் பிழை. "ஸ்லோ" என்று பாடசாலையில் ஒரு பிள்ளையைச் சொன்னால் கற்கும் திறனைச் சொல்வதாகத்தான் வாசிப்பார்கள். "ஸ்பெஷல்" என்ற சொல்லும் அப்படியே. நம் ஊரில் விசேட கவனிப்பு என்றால் கொஞ்சம் கூடுதலாகப் பாருங்கள் என்று அர்த்தம். ஆனால் நம் ஊரிலும் விசேட தேவை, விசேட கல்வி என்று வந்தால் அர்த்தம் மாறிவிடுகிறது அல்லவா? இங்கேயும் அப்படித்தான். இந்த இரண்டையும் சரியான பாதையில் நிறுத்தியிருக்கக் கூடிய ஒரே சொல் "மொழியில்". அதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். வாசித்த ஆசிரியை மேல் குற்றம் இல்லை. அந்தக் கடிதம் என் கைக்கு வந்திருந்தால் நானும் அந்தப் படிவத்தைத்தான் அனுப்பியிருப்பேன்.

ஆனால் சென்கோ என்றதும் பயப்பட வேண்டாம் என்று தாயிடம் சொல்லுங்கள். பல சிறிய பாடசாலைகளில் மொழி உதவியையும் அதே ஆள்தான் பார்க்கிறார். எந்தப் பாதையில் போகிறது என்று அறியப் படிவத்தைப் பாருங்கள். உளவியலாளரிடம் அனுப்பச் சம்மதம், பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டிருந்தால் அது விசேட தேவைப் பாதை. வீட்டுமொழி என்ன, எத்தனை வருடம் படித்தார், எந்த மொழியில் வாசிப்பார் என்று கேட்டிருந்தால் மொழிப் பாதை. எதிலும் கையெழுத்திட முன் என்னவென்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது.

இப்போது என் கேள்வி. "மந்தமாக" என்று தாய் எழுதியது எதை? படிப்பையா, ஆளையா? நீங்கள் அவரிடம் கேட்டீர்களா?

---

வாவிக்கரை

கேட்கவில்லை ரீச்சர். பாட்டியின் கையில் கடிதம் வந்தது, நான் செய்து கொடுத்தேன்.

உங்கள் பதிலைப் பார்த்ததும் இரவு அழைப்பெடுத்துக் கேட்டேன். "மந்தம் எண்டா என்ன அக்கா, படிப்பிலயா?" என்றேன். "இல்ல, ஆள்தான். ஊரில ஓடித்திரிஞ்ச பிள்ளை. ஸ்கூலால வந்தா கதிரையில குந்தினது குந்தினதுதான். வாய் திறக்கிறதில்ல. சாப்பாடும் இறங்குதில்ல" என்றார். ஊரில் இருந்தபோது தரம் 4 இல் கணக்கில் எப்போதும் எண்பதுக்கு மேலாம். புலமைப்பரிசிலுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையாம்.

அதாவது தாய் சொன்னது பிள்ளையின் சோர்வை. நான் எழுதியது பிள்ளையின் அறிவை. ஒரு நிமிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

---

சம்மாந்துறை நானா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இதோடு சேர்ந்த ஒரு அனுபவம். என் தம்பியின் பிள்ளைக்கும் அங்கே மொழி உதவி கொடுத்தார்கள். இரண்டு மாதமாக ஒரு அரபு ஆசிரியை வந்து பக்கத்தில் இருந்தார். பிள்ளைக்கு அவர் சொன்னதும் விளங்கவில்லை, ஆசிரியர் சொன்னதும் விளங்கவில்லை. சேர்க்கைப் படிவத்தில் மொழி என்ற இடத்தைத் தம்பி வெறுமையாக விட்டிருந்தார். பெயரைப் பார்த்து அலுவலகத்தில் யாரோ அரபு என்று போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் உம்மா வாப்பா காலத்துக்கு முன்னிருந்தே பேசுவது தமிழ். பிள்ளை ஓதுவது அரபு, சிந்திப்பது தமிழில்.

ஆகவே தங்கச்சி, யாருக்கு இப்படிக் கடிதம் எழுதினாலும் முதல் வசனத்திலேயே "வீட்டில் பேசுவதும் வாசிப்பதும் எழுதுவதும் தமிழ்" என்று போட்டுவிடுங்கள். தம்பி அதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்த பிறகுதான் பதிவை மாற்றினார்கள்.

---

பழைய ரீச்சர்

நானா சொன்னது நூற்றுக்கு நூறு. இன்னொன்றையும் சேர்க்கிறேன். நம் ஊர்த் தேர்ச்சி அறிக்கையில் "இரண்டாம் மொழி" என்று ஒரு பாடம் இருந்தால் அது சிங்களம். அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால், பிள்ளைக்கு இரண்டாம் மொழி ஆங்கிலம், நல்ல புள்ளியும் எடுத்திருக்கிறார் என்று இங்கே வாசிப்பார்கள். "சிங்களம்" என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ஆங்கிலம் தரம் 3 இல் இருந்துதான் பாடநூலோடு படிப்பிக்கிறார்கள், அதற்கு முன் வாய்மொழி மட்டும் என்பதையும் ஒரு வசனத்தில் சொல்லலாம். இந்தப் பிள்ளை ஆங்கில எழுத்துகளை அறிந்தவர், ஆனால் ஆங்கிலத்தில் பாடம் படித்தவர் இல்லை என்று அதிலிருந்து ஆசிரியருக்கு விளங்கும்.

வாவிக்கரை, நல்ல வேளை கேட்டீர்கள். புதிதாக வந்த பிள்ளை கிழமைக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பது நாங்கள் அடிக்கடி காண்பது. காதால் வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால் மௌனமாக இருக்கிற எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் என்று நாமாக முடிவெடுக்கக் கூடாது. அதனால் தாயை வீட்டில் இரண்டு விஷயம் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று, கணக்கு. பாடசாலையில் பிள்ளைக்குப் பிழைத்த வசனக் கணக்கு ஒன்றை எடுத்து அதையே தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். எண்களை மாற்ற வேண்டாம். இரண்டு, வாசிப்பு. தமிழ்ப் பாடநூலில் அவன் முன்பு வாசிக்காத ஒரு பக்கத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லட்டும். தமிழில் சரளமாகச் செய்தால் தடை மொழிதான். தமிழிலும் தடுமாறினால் அதையும் மறைக்காமல் பாடசாலைக்குச் சொல்ல வேண்டும். மொழி தெரியாததுதான் காரணம் என்று எல்லோரும் இருந்துவிட்டு, உண்மையான சிரமம் இரண்டு மூன்று வருடம் பிந்திக் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். அதுவும் இதே அளவு கொடுமை.

---

ஸ்காபரோ அக்கா

எங்கள் மாகாணம் ஒன்ராறியோ, உங்களுடைய கேஸ் இங்கிலாந்து, இருந்தாலும் சொல்கிறேன். இங்கே புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இரண்டு வழி. சொந்த மொழியில் ஒழுங்காகப் படித்து வந்த பிள்ளைக்கு ஒன்று, படிப்பு இடையில் முறிந்து வந்த பிள்ளைக்கு மற்றது. என் மகன் வந்தபோது இரண்டாவதில் போடப் பார்த்தார்கள். அக்கரைப்பற்றில் படித்த பழைய கணக்குக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். பக்கம் பக்கமாகச் சரி போட்டிருந்ததைப் பார்த்ததும் முதல் வழியில் போட்டார்கள். எண்களுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. ஊரில் பாட்டியிடம் பிள்ளையின் கொப்பி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

---

வாவிக்கரை

இருக்கிறது அக்கா! பாட்டி ஒரு உரைப்பைக்குள் எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்தார். இன்று கடைக்குக் கொண்டுவந்து தந்தார். கணக்குக் கொப்பியில் நான்கு பக்கம் ஸ்கேன் பண்ணினேன். நீட்டல் பெருக்கல், கீழே சிவப்பு மையில் "மிக நன்று".

தாய் வீட்டில் செய்து பார்த்ததையும் எழுதுகிறேன். பாடசாலைத் தாளில் இருந்த கணக்கு: ஒரு பெட்டியில் 24 பென்சில். ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள், ஆளுக்கு 4 பென்சில் வேண்டும். எத்தனை பெட்டி வாங்க வேண்டும்? அந்தத் தாளில் பிள்ளை 24, 30, 4 மூன்றையும் கூட்டி 58 என்று எழுதியிருந்தான். கண்ணில் பட்ட எண்களைக் கூட்டியிருக்கிறான், பாவம். அதையே தாய் தமிழில் எழுதிக் கொடுத்ததும், முப்பதை நான்கால் பெருக்கி 120, அதை 24 ஆல் பிரித்து 5 பெட்டி என்று இரண்டு வரியில் முடித்துவிட்டானாம். "அம்மா, இது இவ்வளவுதானா?" என்று கேட்டானாம். தாய் அழுதுகொண்டே எனக்குச் சொன்னார்.

வாசிப்பும் சரி. கதையைத் திரும்பச் சொன்னான், நடுவில் ஒரு ஆளை மட்டும் மறந்துவிட்டான்.

ஆனால் பேச்சோடு பேச்சாக இன்னொன்று சொன்னார். பின்னால் இருந்து கூப்பிட்டால் சில வேளை திரும்புவதில்லையாம். சின்ன வயதில் காதில் சீழ் வடிந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்தார்களாம். "அதெல்லாம் சுகமாகிட்டு, அதை எழுத வேணாம்" என்கிறார். ஏற்கெனவே பிள்ளைக்குக் குறை என்று எழுதிவிட்டோம், இனி இதையும் எழுதினால் முத்திரை குத்திவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. நான் "பிள்ளைக்கு மொழியைத் தவிர வேறு எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று எழுதி வைத்திருந்தேன். இப்போது அந்த வசனத்தை என்ன செய்வது?

---

பழைய ரீச்சர்

அந்த வசனத்தை எடுத்துவிடுங்கள். முதல் கடிதத்தில் இல்லாத குறையைச் சொன்னோம். இதில் தெரியாத ஒன்றை இல்லை என்று சொல்லப் போகிறோம்.

காது விஷயத்தைத் தாய் விரும்பினால் மட்டும் எழுத வேண்டும், அது அவருடைய முடிவு. ஆனால் ஏன் எழுதுவது நல்லது என்று நீங்கள் அவருக்கு விளக்கலாம். காது கொஞ்சம் மந்தமான பிள்ளைக்குத் தெரிந்த மொழி பாதி கேட்டாலும் போதும், மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். தெரியாத மொழியில் அது நடக்காது. முப்பது பிள்ளைகள் சத்தம் போடும் வகுப்பில், சொல்லின் முடிவில் வரும் ஸ், ட் சத்தம் கேட்காவிட்டால் ஆங்கிலத்தில் ஒருமை பன்மையும் காலமும் போய்விடும். ஊரில் ஒருவரும் கவனிக்காதது இங்கே வெளிப்படலாம். குடும்ப டொக்டரிடம் சொன்னால் செவிப்புலன் பரிசோதனைக்கு அனுப்புவார், அதற்குக் காசு இல்லை. முடிவு வரும்வரை பிள்ளையை முன் வரிசையில், ஆசிரியரின் முகம் தெரியும் இடத்தில் இருத்தச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

---

கோட்டைமுனை ஐயா

இழை முழுவதையும் வாசித்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தம் இருக்கிறது. "கருணை கூர்ந்து", "தாழ்மையுடன்" எல்லாவற்றையும் நீக்கிவிடுவீர்கள் என்று தெரிகிறது. ஒரு தாய் தன் பிள்ளைக்காகக் கேட்கும்போது பணிந்து கேட்பது அவருடைய பண்பு. ஆங்கிலத்திலும் பணிவுச் சொற்கள் உண்டு. நாங்கள் படித்த காலத்தில் "ஐ மோஸ்ட் ஹம்ப்ளி பெக்" என்று எழுதப் பழக்கினார்கள். அந்தத் தாயின் குரலை அழித்துவிட்டு நீங்கள் யாருடைய கடிதத்தை எழுதுகிறீர்கள்?

---

பழைய ரீச்சர்

ஐயா, உங்களுக்கு மரியாதையோடு சொல்கிறேன். அந்த ஆங்கிலம் இப்போது பாடசாலைக் கடிதத்தில் யாரும் எழுதாத ஆங்கிலம். நீங்கள் சொன்ன வசனத்தை இன்றைக்கு ஒரு இளம் ஆசிரியை வாசித்தால் பண்பு தெரியாது, இந்தக் குடும்பம் ஏதோ பெரிய நெருக்கடியில் இருக்கிறது என்று பயப்படுவார். தமிழில் "தாழ்மையுடன்" என்பதற்கு இருக்கும் எடை ஆங்கிலத்தில் ஒரு "ப்ளீஸ்", கடைசியில் ஒரு நன்றி, அவ்வளவில் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கருணை காட்டுங்கள் என்று கேட்டால் என்ன செய்வது என்று பாடசாலைக்குத் தெரியாது. என்ன வேண்டும் என்று சொன்னால் செய்யலாம், அல்லது முடியாது என்று காரணம் சொல்லலாம்.

---

கோட்டைமுனை ஐயா

என்ன வேண்டும் என்று சொல்வதை ஏற்கிறேன். பணிவை எடுப்பதை ஏற்கவில்லை. நாம் பேசுவது போலவே அவர்களும் நம்மைப் புரிந்துகொள்ளப் பழகட்டும்.

---

வாவிக்கரை

ஐயா, உங்கள் பேச்சை மனதில் வைத்துத் தாயிடமே கேட்டேன். "அவங்களுக்கு விளங்கிற மாதிரிப் போடுங்க, ஆனா நான் நன்றியில்லாதவள் மாதிரி இருக்கப்படாது" என்றார். ஆகவே முதல் வசனத்தில் ஒரு நன்றி வைத்தேன், உண்மையான நன்றி. முதல் நாள் பிள்ளை அழுதபோது வகுப்பாசிரியை கையைப் பிடித்துக் கூட்டிப்போனாராம். அதை எழுதினேன். பொதுவாகக் கருணை என்று எழுதுவதை விட அது நன்றாக இருந்தது.

கேட்க வேண்டியவை எவை என்று ரீச்சர் சொல்லுங்கள், முடித்துவிடுகிறேன்.

---

பழைய ரீச்சர்

அதிகம் கேட்க வேண்டாம். பத்துக் கேட்டால் ஒன்றும் நடக்காது. மூன்று போதும்.

முதலாவது, பிள்ளையின் ஆங்கிலத்தை மதிப்பிட்டார்களா, எந்த நிலையில் இருக்கிறார் என்று கேளுங்கள். இங்கே பல பாடசாலைகள் ஏ முதல் ஈ வரை ஐந்து நிலை வைத்திருக்கின்றன. ஏ என்றால் ஆங்கிலத்துக்கே புதியவர். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து நான்குக்கும் தனித்தனியாக நிலை கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் எழுத்தில் ஒரு படி மேலே இருப்பார்கள், பேச்சில் கீழே இருப்பார்கள். ஒரே எழுத்தாகச் சொன்னால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

இரண்டாவது, உதவி எங்கே நடக்கும். ஒரு கிழமைக்குச் சில தடவை வெளியே எடுத்து அடிப்படைச் சொற்கள் சொல்லிக்கொடுப்பது நல்லது. ஆனால் கணக்குப் பாடத்தில் வெளியே எடுக்க வேண்டாம் என்று கேளுங்கள், அதுதான் அவன் தலை நிமிர்ந்து இருக்கக் கூடிய பாடம். அதற்குப் பதிலாக அடுத்த கிழமைப் பாடத்தின் முக்கியச் சொற்கள் பத்தை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தாய் அவற்றைத் தமிழில் விளக்கிவிடலாம்.

மூன்றாவது, திரும்பப் பார்க்கும் திகதி. ஆறு கிழமை கழித்து ஒரு சந்திப்பு. தமிழ் பேசுகிற ஒருவரை அதற்கு ஒழுங்கு செய்ய முடியுமா என்றும் கேட்கலாம். கட்டாயம் தருவார்கள் என்று சொல்ல முடியாது, கேட்டால் பல பாடசாலைகள் ஏதாவது செய்கின்றன. பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

அப்புறம் அந்தக் கடைசி வசனம், வீட்டில் தமிழ் கதைக்க மாட்டோம் என்பது. நீங்களாக வெட்ட வேண்டாம், ஆனால் தாயோடு கதையுங்கள். பென்சில் கணக்கை விளங்கவைத்தது தமிழ். அவர் அதை நிறுத்தி, தனக்கே பழக்கமில்லாத ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேசினால் வீட்டிலும் அவனுக்குப் பேச்சு இல்லாமல் போய்விடும். விளையாட்டு மைதான ஆங்கிலம் இரண்டு வருடத்தில் வரும், பாடநூல் ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு வருடம் போகும் என்று ஜிம் கமின்ஸ் என்ற கனேடிய ஆய்வாளர் எழுதியிருக்கிறார். என் அனுபவமும் கிட்டத்தட்ட அதுதான். அந்த இடைவெளியில் பாடத்தைத் தாங்கிப் பிடிக்கிறது வீட்டுமொழி.

---

கிளைட் கரை

ஸ்கொட்லாந்து, இங்கிலாந்து வித்தியாசம் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை ரீச்சர். ஆனாலும் கேட்கிறேன், பாடசாலை ஒன்றுமே செய்யாவிட்டால்?

---

பழைய ரீச்சர்

அதிபருக்கு, பிறகு பாடசாலை ஆளுநர் சபைக்கு எழுதலாம். அதற்கு மேல் பெரிய கைப்பிடி இல்லை. அது உண்மையில் ஒரு குறைதான்.

---

வாவிக்கரை

கடிதம் போய்விட்டது. முதலில் தமிழில் இப்படி எழுதித் தாய்க்கு வாசித்துக் காட்டினேன். அவர் சரி என்ற பிறகுதான் ஆங்கிலமாக்கினேன்:

"முதல் நாள் என் மகனின் கையைப் பிடித்து வகுப்புக்குக் கூட்டிச் சென்றதற்கு நன்றி. நாங்கள் வீட்டில் பேசுவதும் வாசிப்பதும் தமிழ். அவர் இலங்கையில் தமிழ்மொழி மூலம் படித்தார். ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் படித்தார். என் முதல் கடிதத்தில் ஒரு சொல் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டது. அவர் படிப்பில் மெதுவானவர் என்று நான் சொல்லவில்லை. இங்கு வந்த பிறகு அமைதியாகவும் சோர்வாகவும் இருக்கிறார் என்பதையே சொன்னேன். உங்கள் கணக்குத் தாளில் பிழைத்த கேள்வியைத் தமிழில் கொடுத்தபோது தானாகவே சரியாகச் செய்தார். இரண்டையும் இணைத்திருக்கிறேன், இலங்கைக் கொப்பியின் பக்கங்களும் உள்ளன. சின்ன வயதில் அவருக்குக் காதில் நோய் இருந்தது. செவிப்புலன் பரிசோதனைக்கு டொக்டரிடம் கேட்டிருக்கிறோம். அதுவரை தயவுசெய்து அவரை முன்னால் இருத்துங்கள்."

அதற்குக் கீழே ரீச்சர் சொன்ன மூன்றும்.

"மந்தம்" என்ற இடத்தில் "குவயட் அண்ட் விதட்ரோன்" என்று போட்டேன். காது விஷயத்தை எழுதலாம் என்று தாய் இரண்டு நாள் யோசித்துத்தான் சம்மதித்தார். வீட்டில் ஆங்கிலம் என்ற வசனத்தை அவரே எடுக்கச் சொன்னார். கணவருக்கு அதில் இன்னும் உடன்பாடு இல்லை.

---

வாவிக்கரை (பன்னிரண்டு நாளுக்குப் பிறகு)

பாடசாலையின் பதில்: கேட்டல் ஏ, பேச்சு ஏ, வாசிப்பு பி, எழுத்து பி. பழைய படிவத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். கிழமையில் மூன்று நாள், காலையில் இருபது நிமிடம் வெளியே எடுத்துப் படிப்பிப்பார்கள், கணக்கு நேரத்தில் இல்லை. சொற்பட்டியல் அனுப்ப நேரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், பாடத் தலைப்புகளை மட்டும் தருவார்களாம். தமிழ் பேசுபவர் கிடைக்கவில்லை. சந்திப்புக்குத் தாய் என்னை வட்ஸ்அப்பில் வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார், பாடசாலையும் சரி என்றது. செவிப்புலன் பரிசோதனைக்கு இன்னும் திகதி வரவில்லை.

பிள்ளை முன் வரிசையில் இருக்கிறான்.

---

சம்மாந்துறை நானா

அல்ஹம்துலில்லாஹ். தங்கச்சி, அந்தச் சந்திப்புக்கு நீங்கள் குரல் கொடுக்கும்போது தாய் சொல்வதை முழுதாகச் சொல்லி முடிக்க விடுங்கள், பிறகு மொழிபெயருங்கள். "மந்தம்" மாதிரி இன்னொரு சொல் வந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

---

வாவிக்கரை

சரி நானா. ஒரு கொப்பியில் இப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன்: மந்தம், குழப்படி, பஞ்சி, சூட்டிகை, வாய்க்காரன். "குழப்படி" என்பதற்கு நான் இதுவரை "நோட்டி" என்று போட்டு வந்திருக்கிறேன். ரீச்சர், அங்கே அதை எப்படி வாசிப்பார்கள்?